இருபது நிமிடம் வேறு வேலை பாருங்கள்

என் வீட்டுக்காரர் காப்பிக்கொட்டை வறுத்து, பொடித்து விற்பவர். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். திண்டுக்கல்லில் ஒரே கூரைக்குக் கீழே பல வருஷம் குடும்பம் நடத்தியும், அவர் தொழில் என் தொழிலைத் தொட்டதில்லை. நான் திருத்திக் கொடுக்கும் விடைத்தாளைப் பிள்ளைகள் முகர்ந்து பார்த்துவிட்டு, "டீச்சர், காப்பி வாசம்" என்று சிரிப்பார்கள். எங்கள் இரண்டு பேர் தொழிலுக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான். இன்ஸ்டாகிராம் என்று ஒன்று வந்து அதையும் மாற்றியது.

கடை வீட்டுக்கு முன்கட்டில் இருக்கிறது. வறுக்கும் மெஷின் பின்னால் ஓர் அறையில். சனிக்கிழமை மதியம் அவர் கொட்டையைப் போட்டுச் சுற்றவிட்டால், நான் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்பேன். முதலில் மழை தூரத்தில் வருவது போல ஒரு இரைச்சல். கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டைகள் வெடிக்கத் தொடங்கும். பொரி பொரிவது போல படபடவென்று வரும் அந்த முதல் வெடிப்புக்குள் பாதி நாள் நான் தூங்கிப்போவேன். கண் விழிக்கும்போது சேலை, தலையணை, ஜன்னல் கம்பி எல்லாம் மணக்கும். மொட்டை மாடிக்குப் போனால் கிழக்கே சிறுமலை நீலமாகக் கிடக்கும். அது மலையா, இன்னும் கலையாத என் தூக்கமா என்று சில நாள் சந்தேகமாகவே இருக்கும்.

அந்த மலையிலிருந்துதான் அவள் வந்தாள். என் வயதுதான் இருக்கும். வருஷா வருஷம் கடைக்குக் காப்பிக்கொட்டை கொண்டுவருகிறவள். வாழையும் மிளகும் பலாவும் இருக்கும் சரிவில் நிழலுக்குக் கீழே கொஞ்சம் காப்பிச் செடி வைத்திருக்கிறாள். இவர் அதை வாங்கி மற்ற ஊர்க் கொட்டையோடு கலந்து, கரும்பழுப்பாக வறுத்து, சிக்கரி சேர்த்துப் பொடித்து விற்பார். அந்தப் பொடிக்கு ஊர் பேர் கிடையாது. கடை பேர்தான்.

இந்த வருஷம் அவள் மூட்டையை இறக்கிவிட்டு நகரவில்லை.

"அண்ணே, இந்தத் தடவ கலக்காதீங்க. தனியா வறுத்து, சிறுமலைன்னு பேரு போட்டு ஒரு தரம் வித்துப் பாருங்க" என்றாள். "எங்க காப்பி கீழ எறங்குன ஒடனே வேற மலைக் காப்பியாயிருது. எம்புட்டு வருசந்தான் நாங்க பேரில்லாம இருக்குறது?"

இவர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். பழமாகவே பறித்து, தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, பாயில் உலர்த்திய கொட்டை. ஒரே அளவாக, பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருந்தது. இவர் லேசில் எதற்கும் தலையாட்டுகிற ஆள் இல்லை. அன்று ஆட்டினார்.

"ஒரு மூட்டை போட்டுப் பாப்போம். வித்தா அடுத்த ரெண்டு மூட்டையையும் தனியா வறுக்குறேன். விக்கலன்னா கலப்புக்குத்தான் போகும். சரியா?"

"சரிண்ணே" என்றவள், வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். "டீச்சர், நல்லா எழுதி விடுங்க."

கேட்கவா வேண்டும்! எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு "கண்ட காட்சியை வருணித்து எழுதுக" என்று கேள்வி கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு முதல் தடவையாக ஒருத்தி கேள்வி கொடுத்திருக்கிறாள்.

இவர் அந்தக் கொட்டையை வழக்கம் போலக் கருக வறுக்கவில்லை. முதல் வெடிப்பு முடிந்து, இரண்டாவது வெடிப்பு தொடங்குவதற்கு வெகுநேரம் முன்னாலேயே தட்டில் கொட்டி ஆறவைத்தார். புளியங்கொட்டையைவிட வெளிறிய பழுப்பு. மேலே எண்ணெய்ப் பூச்சு இல்லை. "இன்னும் போனா வறுத்த ருசிதான் தெரியும். மலை ருசி தெரியாது" என்றார். நாலு நாள் மூடி வைத்துவிட்டுப் பொடித்தார். சிக்கரி ஒரு சிட்டிகை கூட இல்லை.

நான் எழுதிய கேப்ஷன் இது. வெட்கத்தை விட்டு அப்படியே தருகிறேன்.

"சிறுமலைச் சரிவில் பலா நிழலிலும் மலைவாழை நிழலிலும் விளைந்த அராபிகா. சிக்கரி கலக்காதது. நடுத்தர வறுவல்: கசப்பு பின்னால் நிற்கும், மெல்லிய புளிப்பும் வெல்லத்தின் சாயலும் முன்னால் வரும். முதல்முறை வாங்குபவர்களுக்கு: பில்டரில் மூன்று ஸ்பூன் பொடி போட்டு, கொதித்து அடங்கிய வெந்நீரை விளிம்பு வரை ஊற்றி மூடுங்கள். இருபது நிமிடம் வேறு வேலை பாருங்கள். மலை தானாக இறங்கி வரும்."

கடைசி வாக்கியத்துக்காக நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். அளவும் நேரமும் சும்மா எழுதியதில்லை. எங்கள் அடுப்படியில், எங்கள் பில்டரில், மூன்று நாள் போட்டுப் பார்த்து எழுதியது. பொட்டலத்தின் படத்தோடு அதைப் போனில் ஏற்றினோம். அதே வார்த்தைகளை ஸ்டிக்கராக அடித்துப் பொட்டலத்தின் பின்பக்கத்திலும் ஒட்டினோம். முதல் பொட்டலத்தை, மறுபடி கீழே வந்த மலைக்காரியிடம் இவர் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டி வாசித்து, முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க நான் பாதிக் கனவில் இருந்தேன். வத்தலக்குண்டிலிருந்து, மதுரையிலிருந்து, பேர் மட்டும் கேள்விப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. வகுப்பில் பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தபடி யாரோ ஒருவர் வீட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். அங்கே ஒரு பெண் என் வாக்கியத்தை வாசித்து, வெந்நீரை ஊற்றி, பில்டரை மூடிவிட்டுத் துணி காயப்போடப் போகிறாள். திரும்பி வரும்போது கீழ்ப் பாத்திரத்தில் கறுப்பாக, கெட்டியாக, ஒரு மலை இறங்கியிருக்கிறது. எத்தனை வீடு போனாலும் அடுப்படி ஒன்றுபோலவே இருந்தது. அது எங்கள் வீட்டு அடுப்படிதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பத்தாம் நாள் முதல் கல் விழுந்தது. "கலரே இல்லை. டீ மாதிரி இருக்கு" என்று போஸ்டுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். அடுத்த நாள் இன்னொருவர்: "இருபது நிமிஷம் எதுக்குங்க? மூணு நிமிஷத்துல எறங்கிருச்சு. வெறுந்தண்ணி." அதற்கும் கீழே ஒரு பெண்: "பால் ஊத்துனா பால்தான் தெரியுது."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் சுவருக்கும் தெரியும். "பில்டரைத் தலைகீழாக வைத்தீர்களா என்று ஒருமுறை பார்க்கவும்" என்று ஒருவருக்குப் பதில் போட்டேன். இன்னொருவருக்கு, "சிக்கரிக்குப் பழகிய நாக்குக்குக் காப்பி பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும்" என்று எழுதினேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் அந்தப் பதில்களுக்குக் கீழே ஊரே கூடிவிட்டது. அதில் ஒருவர் எழுதிய வரி என்னை நிறுத்தியது.

"சிறுமலை காப்பி இம்புட்டுத்தானா?"

என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். கடையைத் திட்டியிருந்தாலும் சமாளித்திருப்பேன். திட்டு வாங்கியது மலை. பேர் போடச் சொன்னவளின் மலை. பேர் இல்லாமல் கலப்பில் கிடந்தபோது அதை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆர்டர் நின்றுபோனது. ஸ்டிக்கர் ஒட்டிய பொட்டலங்கள் அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அவருடைய திட்டு. வெள்ளிக்கிழமை காலையில் டிபன் டப்பாவை என் கையில் கொடுக்கும்போது மட்டும், "நாளைக்கு அந்தம்மா மிச்ச ரெண்டு மூட்டையையும் கொண்டாருது. கலப்புல போட்டுர வேண்டியதுதான்" என்றார்.

"பேரு?"

"பேர வச்சு என்ன செய்ய? கொஞ்ச நாள் போகட்டும்."

அன்று நான் வகுப்பில் யாரையும் திட்டவில்லை. பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

சனிக்கிழமை காலையில் கடைக்கு ஒரு இளைஞர் வந்தார். பேங்க் வேலைக்காக இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவராம். துணிப்பையிலிருந்து எங்கள் பொட்டலத்தையும் ஒரு பில்டரையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். பில்டரில் கடை விலைச் சீட்டு ஒட்டியிருந்த இடம் இன்னும் பிசுபிசுப்பாகத் தெரிந்தது.

"தப்பா நினைக்காதீங்க மேடம். நான் வாழ்க்கையில முதல் தடவையா பில்டர் வாங்கி, காப்பி போடுறேன். நீங்க எழுதுனது பிடிச்சுப்போய்தான் வாங்குனேன். அதுல உள்ளபடியே செய்றேன், தண்ணியா வருது. நான் எங்க தப்புப் பண்றேன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

தப்புத் தன்னுடையது என்று ஒருவர் வந்து நின்றால் யாரால் கோபப்பட முடியும்? வெந்நீர் வைத்தேன். மூன்று ஸ்பூன் பொடி. விளிம்பு வரை வெந்நீர். மூடினேன். சாய்ந்து உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் உள்ளே சொட்டுச் சத்தம் மழைத் தாழ்வாரம் போல ஓடியது. மூன்று நிமிஷம் கூட ஆகவில்லை, மேல் பாத்திரம் காலி. கீழே இருந்ததைத் தம்ளரில் ஊற்றினால் அடி தெரிந்தது.

உள்ளே போய் எங்கள் பில்டரைக் கொண்டுவந்தேன். கல்யாணம் ஆன புதிதில் வாங்கியது, தினமும் புழங்குவது. அதே பொடி, அதே ஸ்பூன், அதே வெந்நீர். இது டொக்... டொக்... என்று ஆற அமர இறங்கியது. இருபது நிமிஷம் நானும் இவரும் பேங்க்காரரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். தெருவில் பூக்காரி போனாள். வெயில் மேஜை விளிம்பிலிருந்து தரைக்கு இறங்கியது. அப்படி ஒரு அமைதியில் ஒரு தப்பு வெளியே வரும் என்று நான் நினைத்ததில்லை. திறந்து பார்த்தால் கீழே கறுப்பாகக் கெட்டியான டிகாக்ஷன்.

இவர் எழுந்து இரண்டு மேல் பாத்திரத்தையும் கழுவினார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பிடித்தார். புதுப் பில்டரின் அடியில் துளையெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் பில்டரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துளையில்தான் வெளிச்சம். மற்றதெல்லாம் வருஷக்கணக்கான பொடி அடைத்துக் கெட்டிப்பட்டிருந்தது.

"இத நெருப்புல காட்டி எம்புட்டு நாளாச்சு?" என்று கேட்டார்.

துளை அடைத்தால் மேல் பாத்திரத்தை அடுப்புத் தணலில் வாட்டித் தட்டினால் திறந்துகொள்ளும். எல்லா வீட்டிலும் செய்கிற வேலை. பாத்திரம் கறுத்துவிடும் என்று நான் செய்யவே மாட்டேன்.

"காட்டுனதே இல்ல" என்றேன்.

"அதான். ஒன் பில்டரு கிழவன் மாதிரி நின்னு நின்னு எறங்குது. அத வச்சு ஊருக்கே நேரம் குறிச்சுக் குடுத்திருக்க."

சிரித்துவிடுவார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பொடியை விரலால் நசுக்கிக்கொண்டிருந்தார்.

"எம் மேலயும் தப்பு இருக்கு. சிக்கரி போட்டா அது தண்ணியப் புடிச்சு வைக்கும், கலரும் குடுக்கும். சிக்கரி இல்லாத பொடி, அதுவும் லேசா வறுத்தது, இன்னும் நைசா இருக்கணும். நான் கலப்புக்கு அரைக்கிற மாதிரியே அரைச்சுப்புட்டேன். வீட்டுல கெட்டியா எறங்குச்சா, சரியாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்."

பேங்க்காரருடைய பில்டரில் மறுபடி போட்டோம். இந்தத் தடவை நாலு ஸ்பூன். உள்ளே இருக்கும் தண்டு வைத்த தட்டால் பொடியை நன்றாக அழுத்தினார் இவர். பொடி நனைகிற அளவுக்கு மட்டும் வெந்நீர் விட்டு, இரண்டு நிமிஷம் ஊறவிட்டு, பிறகுதான் மிச்சத்தை மெதுவாக ஊற்றினார். சொட்டு நிதானமாக விழுந்தது. தம்ளரின் அடி தெரியவில்லை. ஒரு வாய் குடித்த பேங்க்காரர், "வெல்லம்னு எழுதியிருந்தீங்கள்ல, இதானா அது?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதரைப் போன்றவர்களைத்தான் தலைகீழாக வைத்தீர்களா என்று கேட்டிருந்தேன்.

அவர் கிளம்பிப் போய் அரை மணி நேரத்தில் மலைக்காரி வந்தாள். மத்தியான பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஆட்டோவிலிருந்து இரண்டு மூட்டையும் இறங்கின. அவள் வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் உட்காரவில்லை. பைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். நாங்கள் கொடுத்த முதல் பொட்டலம். பிரிக்கவே இல்லை.

"டீச்சர், எம் மக போன்ல காட்டுனா. எல்லாரும் சிறுமலை காப்பிய வையிறாங்களாம். வேணாம் டீச்சர். பேர எடுத்துருங்க. முன்ன மாதிரி கலப்புலயே போட்டுக்கிறட்டும். பேரில்லாம கெடந்தாலும் கெட்ட பேரு இல்லாம கெடந்துச்சு."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"நீங்க குடிச்சுப் பாத்தீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல. புள்ளைக பந்தயத்துல செயிச்சு வாங்குன கப்பெல்லாம் இருக்குற கண்ணாடி அலமாரில வச்சிருந்தேன். பிரிக்க மனசு வரல."

"அய்யோ, அது குடிக்கிறதும்மா, வைக்கிறதில்ல. வாசம் போயிரும்" என்று இவர் பதறினார். அவர் அப்படிப் பதறி நான் பார்த்ததே இல்லை.

"குடிக்கலாம்னாலும் எங்க வீட்டுல பில்டரு இல்லையே அண்ணே. பில்டருல போடணும்னுதான டீச்சர் எழுதியிருக்காக."

முதல்முறை வாங்குபவர்களுக்கு என்று எழுதினேன். முதல் பொட்டலம் வாங்கியவள் வீட்டில் பில்டர் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை.

"நீங்க எப்படிப் போடுவீங்க?"

"சட்டில தண்ணி கொதிச்சதும் எறக்கி, பொடியப் போட்டுக் கிண்டி, மூடி வச்சிருவேன். பொடி அடில தங்குனதும் மேலாப்புல ஊத்திக்கிற வேண்டியதுதான்."

அவளை அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போனேன். இவரும் பின்னாலேயே வந்தார். அவள் பொட்டலத்தை அவளே பிரித்தாள். ஸ்டிக்கர் கிழியாமல் ஓரத்தில் கத்தரித்தாள். கொதித்த தண்ணீரை இறக்கி, பொடியைத் தூவி, கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றி, தட்டால் மூடினாள். காத்திருந்த நேரத்தில் இரண்டு பில்டரின் கதையையும் சொன்னேன். எங்கள் பில்டரை ஜன்னலுக்கு நேரே பிடித்து அடைத்த துளைகளைக் காட்டினேன். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

பிறகு தட்டைத் திறந்து, அடி கலங்காமல் மூன்று தம்ளரில் ஊற்றினாள். பால் இல்லை, சீனி இல்லை. கெட்டியாக இல்லாவிட்டாலும் தெளிவாக, செம்பழுப்பாக இருந்தது. துளையும் இல்லை, அடைப்பும் இல்லை, நேரம் குறிக்க யாரும் வேண்டியதில்லை. தன் மலைக் காப்பியைக் கலப்பில்லாமல் அவள் குடிப்பது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடி ஒரு மடக்கு விழுங்கினாள். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே வெயிலில் மலை அசையாமல் கிடந்தது.

"அப்ப தப்பு மலைல இல்லையா டீச்சர்?"

"இல்லக்கா. என் அடுப்படில."

அவள் தம்ளரைக் கீழே வைக்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இவர் எழுந்து கடைக்குப் போனார். போய்ப் பார்த்தேன். இரண்டு மூட்டையையும் கலப்புக் கொட்டை கிடக்கும் மூலையிலிருந்து இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, மார்க்கரால் பெரிதாக "சிறுமலை" என்று எழுதிக்கொண்டிருந்தார். பொடி இன்னும் நைசாக விழும்படி அரைக்கும் மெஷினின் திருகை ஒரு சுற்று இறுக்கியும் வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் பழைய போஸ்டை அழிக்கவில்லை. என் இரண்டு பதிலுக்கும் கீழே மன்னிப்புக் கேட்டேன். அலமாரியில் இருந்த பொட்டலங்களில் பழைய ஸ்டிக்கர் மேல் புதுசை ஒட்டினேன். ஊரையும் வறுவலையும் பற்றிய வரிகள் மாறவில்லை. மிச்சம் இப்படி இருந்தது:

"முதல்முறை வாங்குபவர்களுக்கு: சென்ற முறை நாங்கள் எழுதிய அளவு தப்பு. எங்கள் வீட்டுப் பில்டரில் துளை அடைத்திருந்தது, அது தெரியாமல் எழுதிவிட்டோம். பில்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை: கொதித்த தண்ணீரை இறக்கி, ஆளுக்கு இரண்டு ஸ்பூன் பொடி போட்டுக் கலக்கி மூடுங்கள், பொடி அடியில் தங்கியதும் மேலாக ஊற்றிக் குடியுங்கள். விளைந்த வீட்டில் இப்படித்தான். பில்டர் இருந்தால்: நாலு ஸ்பூன் பொடியை நன்றாக அழுத்தி, முதலில் நனைய மட்டும் வெந்நீர், இரண்டு நிமிடம் கழித்து மிச்சம். சீக்கிரம் இறங்கினால் இன்னும் அழுத்துங்கள். எங்களுக்கும் சொல்லுங்கள்."

மலை தானாக இறங்கி வரும் என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அது மத்தியான பஸ்ஸில், இரண்டு மூட்டையோடு, பேரைத் திருப்பிக் கொடுக்க வந்ததை நேரில் பார்த்தவள் நான்.

சாயங்காலம் கிளம்பும்போது மலைக்காரி மிச்சப் பொடியைப் பழைய டப்பா ஒன்றில் கொட்டி எடுத்துக்கொண்டாள். காலிப் பொட்டலத்தை நீவி மடித்து, தனியாகப் பைக்குள் வைத்தாள். "பழைய ஸ்டிக்கர்க்கா, அதுல இருக்குறது தப்பு. புதுசு ஒட்டித் தாரேன்" என்றேன்.

"இருக்கட்டும் டீச்சர். பேரு சரியாத்தான போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.